இருள் கொடுக்கும் இடம்



பக்கவாட்டில் திரும்பிய ஒரு மனித முகம். கழுத்தும் தலைமுடியும் இருக்க வேண்டிய இடத்தில் நெடிய மரங்கள். உச்சந்தலை முடிய வேண்டிய இடத்தில் அம்மரங்களின் நுனிகள் பனிமூட்டத்தோடு கரைந்து, காகிதத்தின் வெண்மையோடு ஒன்றாகிவிடுகின்றன. இத்தகைய சித்திரத்தை நீங்கள் எல்லோரும் புத்தக அட்டையிலோ விளம்பரச் சுவரொட்டியிலோ பார்த்திருப்பீர்கள். 2014-இல் வெளிவந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சிகளில், பேட்ரிக் கிளேர் என்பவர், துப்பறிவோரின் முகங்களுக்குள்ளே லூசியானாவின் நிலக்காட்சிகளைக் குடியேற்றிக் காட்டிய பின்னர் இந்த முறை உலகெங்கும் பெரிதும் பரவியது. வனத்தை முகத்துக்குள் கொண்டுவருகிற அந்த வேலை எவ்வாறு நிகழ்கிறது, அதில் எங்கே கை தவறுகிறது என்பதே இன்று மாலை நான் உங்களோடு பேச விரும்பும் விஷயம்.

இதைச் செய்ய முனைகிற இளைஞர் பெரும்பாலோர், இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ உள்ள கலவை முறைகளின் நீண்ட பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எதிலாவது அற்புதம் நிகழாதா என்று காத்திருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அற்புதம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள முறை ஒரு சிறு கணக்கு மாத்திரமே. அந்தக் கணக்குக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான், அதாவது முகத்தின் படத்தில் இருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதில்தான், சித்திரத்தின் வெற்றி முழுவதும் அடங்கியிருக்கிறது. முகத்தின் இருளே வனத்துக்கு இடம் கொடுக்கிறது. வெளிச்சம் இடம் கொடுப்பதில்லை.

இது பிலிம் சுருளின் காலத்துக்கும் முன்பிருந்தே உள்ள உண்மை. ஒரே பிலிம் துண்டின்மீது இரு முறை ஒளியை விழவைத்தால், முதல் முறை ஒளி பட்ட இடங்கள் அநேகமாக நிறைந்துவிடுகின்றன. படாத இடங்கள் மாத்திரம் இரண்டாவது காட்சிக்காகக் காத்திருக்கின்றன. 1860-களில் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் மம்லர் என்னும் புகைப்படக்காரர், இறந்தவர்களின் ஆவி படத்தில் தோன்றுவதாகச் சொல்லிப் பொருளீட்டினார்; 1869-இல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கும் நடந்து, அதிலிருந்து விடுபட்டார். அவர் கையாண்ட உபாயம் இன்னதென்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. எனினும் ஒரே கண்ணாடித் தகட்டில் இரு முறை ஒளி படவிட்டு அத்தகைய உருவங்களை உண்டாக்கலாம் என்பதை அக்காலப் புகைப்படக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவ்வாறு எடுத்த படங்களில் ஆவியின் உருவம் இருண்ட பின்னணியில் தெளிவாகவும் வெளிச்சம் பட்ட ஆடையின்மேல் மங்கலாகவும் இருக்கும். தகடானாலும் பிலிமானாலும் ஸ்வபாவம் அதுவே.

வெள்ளை வானத்துக்கு எதிரே கருநிழலாய் நிற்கும் ஒரு மனிதனை முதலில் எடுத்து, அதே சட்டத்தில் வனத்தை இரண்டாவதாக எடுத்தால், வானத்தின் பகுதி முன்பே நிறைந்துவிட்டபடியால் வனம் அங்கே பதியாது. மனிதனுடைய உருவத்துக்குள் மாத்திரம் பதியும். கத்தரிக்கோல் இல்லாமல், பசை இல்லாமல், ஒளியே வெட்டி ஒட்டிக் கொடுத்த சித்திரம் அது.

இந்தச் செய்கையைக் கணிப்பொறியில் செய்து காட்டுகிற கலவை முறை, பட்டியலில் `Screen` என்ற பெயரோடு இருக்கிறது. இரண்டு ஒளிவீழ்த்திகளிலிருந்து ஒரே திரையில் இரண்டு படங்களைப் பாய்ச்சினாற்போல என்று அதைச் சொல்வது வழக்கம். கரும்பலகையில் நான் எழுதிய சூத்திரத்தை இங்கே திரும்பத் தருகிறேன். கருமைக்கு 0 என்றும் முழு வெண்மைக்கு 255 என்றும் கொள்க. A முகத்தின் அளவு, B வனத்தின் அளவு, R கிடைப்பது.

```
R = 255 - (255 - A) × (255 - B) / 255
```

சூத்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வனத்தின் படத்தில் ஒரு மரத்தின் தண்டு 20 என்றும், அதன் பின்னால் உள்ள இலைத்திரள் 120 என்றும் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100. அந்த வேறுபாடு இருப்பதனால்தான் மரம் நம் கண்ணுக்கு மரமாகத் தெரிகிறது. இப்போது இதை, முகத்தில் 30 என்ற அளவுள்ள கருங்கூந்தலின்மேல் வைத்தால், தண்டு 48 ஆகிறது, இலை 136 ஆகிறது. வேறுபாடு 88 எஞ்சுகிறது, மரம் நன்றாகவே நிற்கிறது. கன்னத்தின் நடுத்தரச் சாம்பல் நிறத்தின்மேல், அதாவது 128-இன்மேல் வைத்தால் வேறுபாடு 50-ஆகக் குறைந்து, மரம் மூடுபனிக்குள் போகிறது. வெளிச்சம் நேராக விழுந்து 230-ஆக இருக்கும் மூக்கின் நுனியில் வைத்தால் எஞ்சுவது 10. மரம் அங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். வெள்ளைப் பின்னணியான 255-இன்மேல் ஒன்றுமே எஞ்சுவதில்லை. முகம் எவ்வளவு வெளுப்போ அவ்வளவுக்கு வனம் விலகிக்கொள்கிறது என்பதைத் தவிர இந்தச் சூத்திரத்தில் வேறு ரகசியம் கிடையாது. A-யையும் B-யையும் இடம் மாற்றினாலும் விடை மாறாது; ஆகவே எந்த லேயர் மேலே, எது கீழே என்ற கவலையும் இங்கே வேண்டியதில்லை.

இதை அறிந்தவர், வனம் சரியாகத் தெரியவில்லையென்றால் வனத்தின் லேயரைத் தொடமாட்டார். முகத்தின் படத்தையே திருத்துவார். அறியாதவரோ வனத்தின் ஒபாசிட்டியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். அதனால் கிடைப்பது முகமும் இல்லாமல் வனமும் இல்லாமல் ஒரு சாம்பல் கலங்கல்.

சென்ற ஆண்டு நான் செய்த ஒரு வேலையை முழுமையாகச் சொல்கிறேன். மலையடிவாரத்துக் கிராமமொன்றில் வாழ்ந்த மூதாட்டியைப் பற்றிய நாடகத்துக்குச் சுவரொட்டி வேண்டுமென்று ஒரு குழுவினர் கேட்டார்கள். நாயகியாக நடிக்கும் அம்மையாரின் பக்கவாட்டு முகத்துக்குள் வனம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அம்மையாருக்கு எழுபது வயது, நரைத்த தலை. நான் வழக்கம்போல் ஜன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி அவரை உட்கார வைத்து, மிக அழகான படம் ஒன்றை எடுத்து வந்து, ஸ்கிரீன் முறையில் வனத்தை வைத்தேன். நெற்றியின் சுருக்கங்களுக்குள்ளும் கழுத்தின் நிழலிலும் நாலைந்து மரக்கிளைகள் அரைகுறையாகத் தெரிந்தன. வனம் நிற்க வேண்டிய தலையிலோ ஒன்றுமில்லை. கருங்கூந்தல் உள்ளவர்களை வைத்தே அதுவரை வேலை செய்து பழகியவன் நான். நம் நாட்டில் கூந்தலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நரைத்த முடியின் அளவு 190-க்கும் 220-க்கும் இடையில் இருந்தது. அங்கே வனம் எப்படி நுழையும்?

நரையைக் கணிப்பொறியில் கறுப்பாக்குவது ஒரு வழி. முயன்று பார்த்தேன், சாயம் பூசியதுபோல், அம்மையாரின் வயதையும் கண்ணியத்தையும் ஒருசேரக் கெடுத்தது. ஆதலின் மறுநாள் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். கிழக்கு ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, காலை வெயில் அதன் பின்னாலிருந்து அடிக்கும்படி வைத்து, அந்த வேட்டிக்கு முன்னே அவரைப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். அறையின் மற்றக் கதவுகளை மூடிவிட்டேன். காமிராவின் ஒளியளவை முகத்துக்குப் பார்க்காமல் வேட்டிக்கே பார்த்து, வேட்டி முற்றிலும் வெளுத்துப்போகிற அளவுக்கு இரண்டு ஸ்டாப்புகள் மாத்திரம் கூட்டி எடுத்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது நரைத்த முடியும் கறுத்த முடியும் ஒன்றே, இரண்டும் நிழல். தலையின் அளவு இப்போது 30-ஐ ஒட்டி நின்றது.

ஆயினும் முழுமையான கருநிழலும் நமக்கு உதவாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உருவம் முழுவதும் ஒரே கருமையாக இருந்துவிட்டால், வனம் அதற்குள் ஒரே சீராக நிரம்பி, காகிதத்தை முக வடிவில் வெட்டி எடுத்ததுபோல் ஆகிவிடும். அதில் முகமும் வனமும் கலப்பதில்லை, ஒன்றின் வடிவத்தை மற்றொன்று இரவல் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. கலப்பு என்பது படிப்படியாக நிகழ வேண்டும். ஆகவே வீட்டிலிருந்த ஒரு வெள்ளை அட்டையை அம்மையாரின் முகத்துக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் அவர் பேரனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேட்டியின் வெளிச்சம் அந்த அட்டையில் பட்டுத் திரும்பி, நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவற்றில் மெல்லியதாக விழுந்தது. முகத்தின் முன்பகுதி 130, 140 என்ற அளவுக்கு உயர்ந்து, காதை நோக்கிப் போகப் போகத் தாழ்ந்து, பிடரியில் 30-க்கு வந்து நின்றது. வனம் பிடரியில் அடர்ந்து, கன்னத்தில் பனியாகி, கண்ணருகே மங்கிவிடும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மையாரின் முகத்தில் எந்தப் பகுதி அவராகவே இருக்க வேண்டும், எந்தப் பகுதி வனமாக வேண்டும் என்பதை அந்த வெள்ளை அட்டைதான் தீர்மானித்தது.

இனி வனத்தைப் பற்றி. எல்லா வனமும் இதற்கு ஏற்றதன்று. எனக்கு மிகப் பிரியமானவை நம் மலைகளின் சோலைக்காடுகள். ஆனால் அவற்றின் மேற்பரப்பு இடைவெளியில்லாமல் உருண்டை உருண்டையாக நெருங்கியிருப்பதனால், தலைக்குள் வைத்தால் சுருட்டை முடிபோல் தோன்றுகிறதே ஒழிய மரம் என்று புலப்படுவதில்லை. நுனி கூர்ந்து, மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, வெளிறிய வானத்தை எதிர்த்து நிற்கும் ஊசியிலைக்காடே இவ்வேலைக்குத் தகுந்தது. கொடைக்கானலில் பனிமூடிய ஒரு காலை எடுத்து வைத்திருந்த பைன் மரங்களின் படத்தைக் கொண்டேன். அந்தப் பனியிலும் அர்த்தமுண்டு. வானம் 255-ஐ நெருங்கி இருந்தால்தான் அடுத்து நான் சொல்லப்போகிற காரியம் கைகூடும்.

அது உச்சந்தலையின் காரியம். ஸ்கிரீன் முறையில் வெள்ளை எதன்மேல் விழுந்தாலும் அதை வெள்ளையாக்கிவிடுகிறது. வனத்தின் வெள்ளை வானம் தலையின் உச்சியில் விழுந்தால், தலை அங்கே மறைந்துபோகிறது. தலையின் கோடு போய், மரநுனிகளின் ஏற்ற இறக்கமே தலையின் கோடாகிறது. இந்தச் சித்திர வகையின் உயிர்நிலை இதுவென்று நான் கருதுகிறேன். ஆனால் மரங்களை மிகத் தாழ வைத்தால், மண்டையின் மேற்பகுதியை யாரோ அறுத்து எடுத்தாற்போல் கோரமாகிவிடும். மிக உயர வைத்தாலோ, நுனிகள் தலைக்கு வெளியே வெள்ளைப் பின்னணியில் விழுந்து மறைந்துபோக, பழைய மண்டைக்கோடு வழவழப்பாக அப்படியே நிற்கும். சில நுனிகள் தலைக்குள்ளேயே முடியவேண்டும். சில நுனிகள் தலையைக் கடந்து வெளியே எழவேண்டும். வெளியே எழுவதை ஸ்கிரீன் காட்டாதே, என்ன செய்வது?

வனத்தின் லேயரை இரட்டித்து, இரண்டாவது பிரதியை மேலே வைத்து, அதன் முறையை `Multiply` என்று மாற்ற வேண்டும். அது நேர் எதிரான கணக்கு:

```
R = A × B / 255
```

இதில் வெள்ளையின்மேல் விழுகிற எதுவும் உள்ளபடியே நிற்கும். வனத்தின் வெள்ளை வானமோ எதையும் மாற்றாது. இந்தப் பிரதிக்கு ஒரு கறுப்பு மாஸ்க் கொடுத்து, தலைக்கு வெளியே எழ வேண்டிய ஐந்தாறு நுனிகளின் இடத்தில் மாத்திரம் மெல்லிய வெள்ளைத் தூரிகையால் தொட்டுத் திறந்துவிட்டால், அவை வெளியே முளைக்கின்றன.

முளைத்ததும் ஒரு குற்றம் கண்ணில் படும். தலைக்கு உள்ளே மரத்தின் அளவு 48, முன்பு கணக்கிட்டோம். வெளியே அதே மரம் மல்டிப்ளையில் 20-ஆகவே நிற்கிறது. ஆகவே தலை இருந்த எல்லையில் மரம் திடீரென்று கறுத்து, எந்தக் கோட்டை அழிக்க இத்தனை பாடுபட்டோமோ அந்தக் கோடு ஒவ்வொரு மரத்தின் குறுக்கேயும் தழும்பாகத் தெரிகிறது. பலர் இதைத் தூரிகையால் பூசி மறைக்கப் பார்ப்பார்கள். அது வேண்டியதில்லை. மேல் பிரதிக்கு மாத்திரம் லெவல்ஸ் என்னும் திருத்தத்தைக் கொடுத்து, அதன் அடிவரிசையில் உள்ள வெளியீட்டுக் கருமையை 0-விலிருந்து 30-க்கு, அதாவது அங்கே தலையின் அளவு எவ்வளவோ அவ்வளவுக்கு, உயர்த்திவிடுங்கள். 20 அளவுள்ள தண்டு 48-ஆக வந்து நிற்கும். தற்செயலன்று, 30 என்ற ஒரே அளவுள்ள நிறத்தோடு ஸ்கிரீன் செய்வதும், வெளியீட்டுக் கருமையை 30-க்கு உயர்த்துவதும் கணக்கில் ஒன்றே. நான் இதை அறிவதற்கு முன் பல இரவுகள் தூரிகையோடு போராடியிருக்கிறேன் என்பதால் உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

வர்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கணிப்பொறி இந்தக் கணக்கைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வழிகளிலும் தனித்தனியே செய்கிறது. மாநிறமான தோலில் சிவப்பு 200, பச்சை 140, நீலம் 110 என்று இருக்குமானால், மூன்றிலும் வனத்துக்குக் கிடைக்கும் இடம் வேறு வேறாகிறது. 60, 100, 50 என்ற கரும்பச்சை இலை அந்தத் தோலின்மேல் 213, 185, 138 ஆகிவிடும். அது காய்ந்த வைக்கோலின் நிறம். பசுமையான வனத்தை வைத்தேனே, ஏன் பட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. முகத்தையும் வனத்தையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, கலவை வேலை எல்லாம் முடிந்த பிறகு, மேலே ஒரே ஒரு வர்ணச் சரிவைக் கொடுப்பதே என் வழக்கம். அம்மையாரின் சுவரொட்டியில் மிக இருண்ட இடம் பாசியின் பச்சையாகவும், வெளிச்சம் காகிதமாகவும் இருந்தது.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு குற்றம். வேட்டியின் பின்னணி 255 என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் ஒரு மூலையில் 240-ஆக இருந்தது. 240-க்கும் 255-க்கும் வித்தியாசம் திரையில் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த மூலையில் வனத்தின் வானம் விழுந்த இடம் 255 ஆகவும், மரம் விழுந்த இடம் 241 ஆகவும் நின்று, முகத்துக்கு வெளியே காற்றில் மிக மங்கிய மரங்கள் அழுக்குப்போல் மிதந்துகொண்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்க எளிய உபாயம், எல்லா லேயர்களுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு லெவல்ஸ் லேயரை வைத்து, அதன் இடக்கோடிக் கருமை முள்ளை வலக்கோடிக்குச் சமீபமாக, 230 வரை, இழுத்துப் பார்ப்பது. வெள்ளை என்று நாம் நினைத்த இடத்தில் உள்ள கறை எல்லாம் பளிச்சென்று கறுத்துத் தெரியும். கறை தெரிந்தால், முகத்தின் படத்துக்குப் போய் அதன் வெண்மை முள்ளை 235-க்கு இழுக்க, பின்னணி உண்மையாகவே வெளுத்துவிடும்; பிறகு தற்காலிக லேயரை நீக்கிவிடலாம். முகத்தின் ஒளி 140-ஐத் தாண்டாததால் இந்தத் திருத்தம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. முன்பக்க வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்திருந்தால் நெற்றியும் சேர்ந்து வெளுத்திருக்கும்.

சுவரொட்டி ஏ3 அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3508-க்கு 4961 பிக்சல்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது லேயர்களை அப்படியே வைத்து நான்கு மைகளின் வர்ண வெளிக்கு மாற்றிவிடக் கூடாது. அங்கே கலவைக் கணக்கு மைகளைக் கொண்டு செய்யப்படுவதால், திரையில் கண்ட ஒட்டு மாறிப்போகும். பிரதி ஒன்று எடுத்து, லேயர்களை ஒன்றாக்கி, அதன் பின்னரே மாற்ற வேண்டும். நான் அவ்வாறே செய்தும், முதல் அச்சுப்பிரதியில் கன்னத்தின் பனி திடீரென்று ஒரு கோட்டில் நின்றுவிட்டது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குக் கீழான மைப்புள்ளிகள் பல அச்சு இயந்திரங்களில் காகிதத்தில் நிற்பதில்லை. திரையில் மெல்ல மெல்லக் கரைந்த பனி, காகிதத்தில் பாதி வழியில் அறுந்துபோகிறது. கோப்பை மறுபடி திறந்து, முகத்துக்கு உள்ளே பனி கரைகிற அந்தப் பகுதியை மாத்திரம் தேர்ந்து, அதன் மிக வெளிறிய அளவை 243-க்குத் தாழ்த்தி, முகத்தின் ஓரக்கோட்டுக்கு வெளியே காகிதத்தைத் தொடாமல் விட்டேன். இரண்டாவது அச்சுப்பிரதியில் பனி கண்ணிமைவரை வந்தது.